பணம் கட்டிய பிறகு ஓடர் ரத்தானால்: காரணமும் காசு திரும்பும் வழியும்

தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரங்களும், இணையக் கடைகள் பெரிய தள்ளுபடி விற்பனை நடத்தும் வாரங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. ஓடர்கள் அதிகம் போவது அப்போதுதான். பணம் கட்டி இரண்டு நாள் கழித்து, "உங்கள் ஓடர் ரத்துச் செய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருவதும் அப்போதுதான் அதிகம். செய்தி வந்ததும் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி. ஏன் ரத்துச் செய்தார்கள்? என் காசு எங்கே?

முதல் கேள்விக்குப் பல பதில்கள் உண்டு. இரண்டாவதன் பதில் ஒரே விடயத்தில் அடங்கியிருக்கிறது: ரத்தான நேரத்தில் உங்கள் காசு யார் கையில் இருந்தது என்பதில். அது தெரிந்தால் எங்கே கேட்பது, எத்தனை நாள் பொறுப்பது, எந்தக் கட்டத்தில் முறைப்பாடு செய்வது எல்லாம் தெளிவாகிவிடும்.

விற்பவர் ஏன் ரத்துச் செய்கிறார்

மிகச் சாதாரணமான காரணம், பொருள் கையில் இல்லாமை. கொழும்பில் கடை வைத்திருக்கும் வியாபாரி அதே பொருளைக் கடையிலும் விற்கிறார், டராஸிலும் போட்டிருக்கிறார், ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டிருக்கிறார். கடைசி ஒன்றைக் கடைக்கு வந்தவர் வாங்கிக்கொண்டு போன பின்பும், இணையத்தில் "ஒன்று இருக்கிறது" என்றே காட்டிக்கொண்டிருக்கும். இருப்பை அவர் கையால் திருத்தும் வரை உங்கள் ஓடரை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும், பணத்தையும் வாங்கிக்கொள்ளும். மறுநாள் பொதி கட்ட உட்காரும்போதுதான் அவருக்கே பொருள் இல்லை என்று தெரியும்.

இரண்டாவது காரணம் விலை. 14,500 என்று போட வேண்டிய இடத்தில் 1,450 என்று போட்டுவிடுவது ஒரு வகை. பொருளை மறுபடி கொள்வனவு செய்யும் விலை ஏறிவிடுவது இன்னொரு வகை. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவின் பெறுமதியைச் சந்தையின் போக்குக்கு விட்டது. 203 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தாண்டியது. பழைய விலை போட்டிருந்த இறக்குமதிப் பொருளை அனுப்பினால், அதே பொருளை மறுபடி வாங்க அந்தக் காசு போதாது என்ற நிலையில் வியாபாரிகள் இருந்தார்கள். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், தள்ளுபடி நாட்களில் விலையைத் தவறாகக் கணக்கிட்டு, நட்டம் என்று பிறகு உணர்ந்து ரத்துச் செய்பவர்கள் எப்போதும் உண்டு. அவர்கள் எழுதும் காரணம் பெரும்பாலும் "இருப்பு இல்லை" என்பதாகவே இருக்கும். ஒரு வாரத்துக்குள் அதே பொருளை அதே கடையில் கூடிய விலைக்குக் கண்டால், உண்மைக் காரணம் விலைதான் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள்; முறைப்பாட்டில் அதற்குப் பெறுமதி உண்டு.

மூன்றாவது காரணம் மலையகத்துக்கே உரியது: முகவரி. தோட்டத்து லயங்களில் பெரும்பாலான வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதமே தோட்ட அலுவலகத்துக்கு வந்துதான் பிரிகிறது. "ஹோலிரூட் தோட்டம், தலவாக்கலை" என்று மட்டும் எழுதிய ஓடரைப் பார்க்கும் விற்பவருக்கு, கூரியர்காரர் எங்கே போய் நிற்பார் என்று தெரியாது. உறுதிப்படுத்த அழைக்கிறார். நீங்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது அந்தச் சரிவில் சிக்னல் இல்லை. இரண்டு மூன்று முறை அழைத்தும் பதில் இல்லையென்றால், பொதி திரும்பி வந்து கூரியர் செலவு தன் தலையில் விழும் என்று பயந்து அவர் ரத்துச் செய்துவிடுகிறார். ஆகவே தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், லயத்தின் இலக்கம், 22100 என்ற தபால் குறியீடு, பகலில் பதில் சொல்லக்கூடிய ஒருவருடைய இரண்டாவது தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கொடுங்கள். இதைவிட நல்ல வழி, தலவாக்கலை நகரில் தெரிந்த கடை ஒன்றின் முகவரியை அந்தக் கடைக்காரரின் சம்மதத்தோடு கொடுப்பது.

நான்காவது, சந்தேகம். கொழும்பில் வேலை செய்யும் மகன் தன் கார்டில் காசு கட்டி, பொருளைத் தோட்டத்திலுள்ள அம்மாவுக்கு அனுப்பச் சொல்கிறான். பணம் கட்டியவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர், ஊரும் வேறு. திருட்டுக் கார்டில் வாங்குபவர்களின் ஓடரும் இதே உருவத்தில்தான் இருக்கும். அதனால் விலை கூடிய ஃபோன் போன்றவற்றில் இயந்திரமோ விற்பவரோ ஓடரை நிறுத்திவிடலாம். இப்படி ரத்தானால் அதே ஓடரைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் கார்டில் ஒரு தொகை தடைபட்டு நிற்கும். வாடிக்கையாளர் சேவையை அழைத்து விளக்குங்கள், அல்லது பொருள் வந்ததும் காசு கொடுக்கும் முறைக்கு மாறுங்கள்.

"நீங்களே கேன்சல் பண்ணிடுங்க"

ஐந்தாவது வகை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. விற்பவர் அழைத்து, "அக்கா, ஸ்டொக் முடிஞ்சிருச்சு, நீங்களே ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க, காசு தானா வந்துரும்" என்பார். பேச்சு மரியாதையாகத்தான் இருக்கும். நீங்களும் சரி என்று அழுத்திவிடுவீர்கள்.

பெரிய இணையச் சந்தைகள் விற்பவர் தாமாக ரத்துச் செய்யும் ஓடர்களின் விகிதத்தைக் கணக்கு வைக்கின்றன. அது கூடினால் அவருடைய கடை தேடலில் பின்னால் தள்ளப்படும், தண்டனையும் வரலாம். வாங்கியவரே ரத்துச் செய்தால் அந்தக் கணக்கில் சேராது. அதற்காகவே அந்த அழைப்பு வருகிறது. நீங்கள் அழுத்தியதும், "மனம் மாறிவிட்டது" போன்ற ஒரு காரணத்தோடு அந்த ரத்து உங்கள் பெயரில் பதிவாகிவிடும். பிறகு காசு தாமதித்தால், விற்பவர் பொருளைத் தர மறுத்தார் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. தள்ளுபடிக் கூப்பன் பயன்படுத்தியிருந்தால் அதுவும் திரும்பாமல் போகலாம்.

இதற்கான பதில் ஒரே வரி: "உங்ககிட்ட பொருள் இல்லைன்னா நீங்க ரத்துச் செய்யுங்க. காரணத்தை ஆப் சாட்ல எழுதுங்க." எழுதினால் சான்று கிடைத்துவிட்டது. எழுத மறுத்தால், ஓடரை அப்படியே விடுங்கள். குறித்த நாளுக்குள் அனுப்பப்படாத ஓடரைத் தளமே ரத்துச் செய்யும். அப்போது பதிவு உங்கள் பக்கம் இருக்கும்.

இதே அழைப்பில் இன்னொரு பேச்சும் வரலாம். "ஆப்ல கேன்சல் பண்ணுங்க, என் எக்கவுண்டுக்கு நேரா போடுங்க, ஆயிரம் ரூபா குறைச்சுத் தாறேன்" என்பது. அதற்கு இணங்கக் கூடாத காரணத்தை அடுத்த பகுதி சொல்லும்.

ரத்தான நேரத்தில் காசு யார் கையில்

டராஸ் போன்ற தளத்தில் கார்டால் கட்டும்போது பணம் நேராக விற்பவரிடம் போவதில்லை. உங்கள் வங்கி, கார்ட் வலையமைப்பு, தளத்துக்குப் பணம் சேர்க்கும் வங்கி என்று கடந்து அது தளத்திடம் நிற்கும். பொருள் உங்களிடம் சேர்ந்த பிறகுதான், குறித்த கால இடைவெளியில், தளம் விற்பவருக்குக் கொடுக்கும். அதனால் பொருள் அனுப்பும் முன் ரத்துச் செய்த விற்பவர் உங்கள் காசைத் தொட்டே இருக்கமாட்டார். அவரை அழைத்துச் சண்டை போடுவதில் பலனில்லை. கேட்க வேண்டியது தளத்திடம். அதன் பிறகு உங்கள் வங்கியிடம்.

இதிலும் இரண்டு நிலை உண்டு. கார்டைப் போட்டதும் உங்கள் வங்கி அந்தத் தொகையை முதலில் தடுத்து வைக்கிறது. கணக்கில் காசு இருக்கும், ஆனால் எடுக்க முடியாது. வங்கி ஆப்பில் அந்த வரிக்குப் பக்கத்தில் "Pending" என்று இருக்கும். தளம் பிறகு அந்தத் தொகையை உண்மையாகக் கோரும்போது அது கணக்கிலிருந்து கழியும். "Pending" என்ற சொல்லும் மறையும்.

தடுத்து வைத்த நிலையிலேயே ஓடர் ரத்தானால், திருப்பித் தர ஒன்றுமே இல்லை. தடையை நீக்கினால் போதும். தளம் வங்கிக்கு உடனே தகவல் அனுப்பினால் ஓரிரு நாளில் தொகை விடுபடும். அனுப்பாவிட்டால் தடைக்காலம் தானாக முடியும் வரை பொறுக்க வேண்டும். கார்டையும் வங்கியையும் பொறுத்து அது ஒரு வாரமாகவும் இருக்கலாம், ஒரு மாதம் வரை இழுக்கவும் செய்யலாம். இந்த நிலையில் கணக்கறிக்கையில் "Refund" என்று ஒரு வரி வரவே வராது. பழைய வரி மறைந்து, எடுக்கக்கூடிய மீதி கூடியிருக்கும். பணம் வந்த பிறகும் "ரிஃபண்ட் வரவில்லை" என்று அலைபவர்கள் பலர் தேடுவது இந்த இல்லாத வரியைத்தான். ஆகவே ஓடர் போடும் முன்னும் ரத்தான பின்னும் எடுக்கக்கூடிய மீதியை எழுதி வைத்து ஒப்பிடுங்கள்.

கணக்கிலிருந்து கழிந்த பிறகு ரத்தானால், தளம் புதிதாக ஒரு கொடுப்பனவை அனுப்பியாக வேண்டும். அது வந்த வழியே எதிர்த்திசையில் போய், அதே கார்டுக்குச் சேரும். ஒவ்வொரு கையிலும் ஓரிரு வேலை நாள் எடுப்பதால்தான் "5 முதல் 10 வேலை நாள்" போன்ற பதில் கிடைக்கிறது. இந்தத் திருப்பலுக்கு 23 இலக்கங்கள் கொண்ட ஒரு குறிப்பு எண் உண்டு. அதை ARN என்பார்கள். "காசு அனுப்பிவிட்டோம்" என்று தளமும் "எங்களுக்கு வரவில்லை" என்று வங்கியும் சொல்லும்போது, தளத்திடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வங்கியில் கொடுங்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று வங்கியால் தேடிப் பார்க்க முடியும். எண்ணைத் தர முடியாவிட்டால், அநேகமாகத் தளம் இன்னும் அனுப்பவே இல்லை என்று பொருள்.

இடையில் கார்ட் தொலைந்து புதியது எடுத்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பழைய கார்டுக்கு வரும் தொகையை வங்கி உங்கள் கணக்கோடு சேர்த்துவிடும். கணக்கையே மூடியிருந்தால் மட்டும் உடனே வங்கிக்குச் சொல்ல வேண்டும்.

ஃபேஸ்புக் பக்கத்திலோ விளம்பரத் தளத்திலோ பார்த்த விற்பவரின் வங்கிக் கணக்குக்கு நீங்களே பணம் மாற்றியிருந்தால் கதை வேறு. வங்கிகளுக்கிடையே உடனடி மாற்றம் செய்யும் செஃப்ட்ஸ் முறை 2015இல் வந்தது. சில விநாடிகளில் காசு அவருடைய கணக்கில் விழுந்துவிடும். நடுவில் பிடித்து வைக்க யாருமில்லை. அவர் ரத்துச் செய்தால், அவரே மனம் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். உங்கள் வங்கி அவருடைய வங்கிக்குக் கோரிக்கை அனுப்பலாமே தவிர, அவருடைய சம்மதமின்றி அந்தக் கணக்கிலிருந்து எடுத்துத் தர முடியாது. ஆயிரம் ரூபா குறைவுக்காகத் தளத்தை விட்டு நேராகக் காசு போடச் சொல்பவர், உங்களுக்கிருந்த இந்தப் பாதுகாப்பு முழுவதையும் அந்த ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிக்கொள்கிறார்.

ஒரு கணக்கு: தீபாவளிக்கு முன் ஒரு தையல் இயந்திரம்

நாட்களை வைத்து ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு பெண் 2025 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை மாலை, 32,500 ரூபாவுக்குத் தையல் இயந்திரம் ஒன்றை டெபிட் கார்டால் ஓடர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் அது 24 நாள் வேலை. சனி, ஞாயிறு கழிகிறது. 13ஆம் திகதி திங்கட்கிழமை தொகை கணக்கிலிருந்து கழிகிறது. அன்று மாலையே விற்பவர் இருப்பு இல்லை என்று ரத்துச் செய்கிறார். தளம் "7 வேலை நாளில் பணம் திரும்பும்" என்கிறது.

அவர் 20ஆம் திகதி தீபாவளிக்குள் காசு வந்துவிடும் என்று நினைக்கிறார், ஏழு நாள்தானே. வேலை நாளை எண்ணிப் பாருங்கள். 14, 15, 16, 17 ஆகிய நான்கும் வேலை நாட்கள். 18, 19 சனி, ஞாயிறு. 20 தீபாவளி விடுமுறை. 21, 22, 23 சேர்ந்தால்தான் ஏழு. தளம் சொன்ன வாக்கை ஒரு நாள்கூடத் தவறாமல் காப்பாற்றினாலும் காசு 23ஆம் திகதி வியாழக்கிழமைதான் வருகிறது. தீபாவளி முடிந்து மூன்று நாள். போயா தினம் இடையில் வந்திருந்தால் இன்னும் ஒரு நாள் கூடும்.

இதில் யாரும் மோசடி செய்யவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் தீபாவளிக் காசு முடங்கிவிட்டது. பண்டிகைக்குத் தேவையான காசைப் பண்டிகைக்கு முந்திய இரண்டு வாரத்தில் கார்டில் கட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். பொருள் வந்ததும் காசு கொடுக்கும் முறையில் ஓடர் ரத்தானால் நீங்கள் இழப்பது பொருளை மட்டுமே. காசு உங்கள் கையிலேயே இருக்கும்.

முழுத்தொகையும் திரும்புமா

விற்பவர் ரத்துச் செய்தால் பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் திரும்ப வேண்டும். சிக்கல் வருவது ஒரே ஓடரில் பல பொருள் வாங்கி, அதில் ஒன்று மட்டும் ரத்தாகும்போது. 5,000 ரூபாவுக்கு மேல் வாங்கினால் 500 குறைவு என்ற கூப்பனில் 3,000க்கு ஒன்றும் 2,500க்கு ஒன்றும் வாங்கினீர்கள். நீங்கள் கட்டியது 5,000. இரண்டாவது ரத்தானால் 2,500 திரும்பும் என்று எதிர்பார்ப்பீர்கள். தளம் கூப்பனை இரண்டு பொருளுக்கும் விலைக்கேற்பப் பிரித்திருக்கும். இரண்டாவதன் பங்கு ஏறக்குறைய 227 ரூபா. ஆகவே சுமார் 2,273 ரூபாதான் வரும். அது சரியான கணக்கே.

திரும்பும் காசை எங்கே சேர்ப்பது என்று தளம் கேட்கலாம். ஆப்பின் வாலட்டில் அல்லது வவுச்சராகப் போட்டால் உடனே வரும் என்று காட்டும். வாலட்டிலுள்ள காசை வங்கிக்கு எடுக்க முடியுமா என்று பார்க்காமல் அதைத் தெரிவு செய்யாதீர்கள். வவுச்சர் பெரும்பாலும் காலாவதித் திகதியோடு வரும், அந்தக் கடையிலேயே செலவாக வேண்டும். கட்டிய வழியிலேயே திரும்பக் கேளுங்கள்.

கடனட்டையில் தவணை முறைக்கு மாற்றியிருந்தால் இன்னும் ஒரு வேலை உண்டு. திரும்பிய தொகை மொத்தமாக அட்டையில் சேர்ந்தாலும், வங்கியில் தவணைத் திட்டம் தனியாக ஓடிக்கொண்டே இருக்கலாம். மாதா மாதம் தவணை விழும், சில வங்கிகளில் கட்டணமும் சேரும். ஓடர் ரத்தானதும் வங்கியை அழைத்துத் தவணைத் திட்டத்தையும் ரத்துச் செய்யச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுத் தளத்தில் டொலரில் வாங்கியிருந்தால் திரும்பும் ரூபா சற்றுக் கூடலாம், குறையலாம். 50 டொலரை 305 ரூபா வீதத்தில் கட்டினால் 15,250. திரும்பும் நாளில் வங்கியின் வீதம் 298 என்றால் 14,900. டொலர் முழுதாகவே திரும்பியிருக்கிறது. 350 ரூபா நாணய மாற்றில் போனது.

காசு வராவிட்டால்

சொன்ன வேலை நாட்கள் முடிந்து மூன்று நாளாகியும் வராவிட்டால், முதலில் தளத்துக்கு எழுதுங்கள். ஃபோனில் பேசியது சான்றாகாது. சாட்டிலோ மின்னஞ்சலிலோ எழுதி, முறைப்பாட்டு எண் வாங்குங்கள். ரத்துச் செய்தி, ஓடர் எண், வங்கிக் குறுஞ்செய்தி மூன்றையும் உடனே திரையில் படம் பிடித்து வையுங்கள். பழைய ஓடர்கள் ஆப்பில் எப்போதும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஒரு வாரத்தில் தீராவிட்டால் தலவாக்கலை நகரிலோ ஹட்டனிலோ உள்ள உங்கள் வங்கிக் கிளைக்குப் போங்கள். விசா, மாஸ்டர்கார்ட் அட்டைகளில், பொருளும் வராமல் காசும் திரும்பாவிட்டால் வங்கி மூலம் அந்தக் கொடுப்பனவை மறுத்துக் கோரும் வழி உண்டு. வங்கியில் "சார்ஜ்பேக்" என்றால் புரியும். இதற்குப் பொதுவாக 120 நாள் எல்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது விடயத்துக்கு விடயம் மாறும். ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும்:

"2025.10.10 அன்று எனது டெபிட் அட்டை மூலம் 32,500 ரூபா செலுத்தினேன். ஓடர் எண் ........ . 2025.10.13 அன்று விற்பவர் ஓடரை ரத்துச் செய்தார். பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. 7 வேலை நாளில் பணம் திரும்பும் என எழுத்தில் அறிவித்தும் இன்றுவரை கிடைக்கவில்லை. நிறுவனத்துக்கு ........ திகதி எழுதிய முறைப்பாட்டின் எண் ........ . இக்கொடுப்பனவை மறுத்துக் கோரும்படி கேட்டுக்கொள்கிறேன். ரத்துச் செய்தி, கட்டணச் சான்று, முறைப்பாட்டின் பிரதி இணைக்கப்பட்டுள்ளன."

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கிளையின் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியிடம் கோரிய பின் தளமும் காசை அனுப்பிவிட்டால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். இரண்டு முறை வந்த தொகையை வங்கி பின்னர் திருப்பி எடுக்கும். அதற்குள் அதைச் செலவழித்திருந்தால் கணக்கு பற்றாக்குறைக்குப் போகும்.

வங்கி கைவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களம் இருக்கிறது. அழைப்பு இலக்கம் 1935. முதலில் உங்கள் வங்கியில் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். முத்திரை வாங்கச் சொன்னது இதற்காகவும்தான். விற்பவர் அல்லது தளத்தின் மீதான முறைப்பாட்டை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குக் கொண்டுபோகலாம், இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். நுவரெலியா மாவட்டச் செயலகத்தில் விசாரித்தால் மாவட்டப் பொறுப்பதிகாரியைக் காட்டுவார்கள். ஓடர் இணையத்தில் நடந்ததால் அதற்குச் சட்ட வலு இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் இத்தகைய ஒப்பந்தங்களை ஏற்கிறது.

விற்பவரின் கணக்குக்கு நேராகப் போட்டவர்களுக்கு இந்த வழிகளில் சார்ஜ்பேக் கிடையாது. பணம் மாற்றிய பற்றுச்சீட்டு, கணக்கு எண், உரையாடல் மூன்றையும் வைத்து உடனே வங்கிக்கும் பொலிஸுக்கும் போக வேண்டும். விற்பவர் அதே பகுதியில் உள்ளவர் என்றால் மத்தியஸ்த சபையும் ஒரு வழி. ஆனால் நாள் கடக்கக் கடக்க அந்தக் கணக்கில் காசு மிஞ்சியிருக்கும் வாய்ப்புக் குறையும்.

பணம் திருப்பித் தருவதாக வரும் அழைப்பு

ஓடர் ரத்தான நேரம் பார்த்து, தளத்திலிருந்தோ வங்கியிலிருந்தோ பேசுவதாக ஒருவர் அழைக்கலாம். ரிஃபண்ட் போட வேண்டும், கார்டின் எண்ணையும் வந்திருக்கும் ஆறு இலக்கத்தையும் சொல்லுங்கள் என்பார். ஃபேஸ்புக்கில் கடையின் பக்கத்தின் கீழ் "என் காசு வரவில்லை" என்று ஓடர் எண்ணோடும் ஃபோன் இலக்கத்தோடும் நீங்கள் எழுதிய பதிவைப் பார்த்தே அவர் அழைத்திருக்கலாம். அதனால் பொது இடத்தில் அந்த விபரங்களை எழுதாதீர்கள்.

கார்டுக்குப் பணம் திரும்புவதற்கு உங்களிடமிருந்து OTP தேவையே இல்லை. அந்த ஆறு இலக்கம் கணக்கிலிருந்து காசு வெளியே போகச் சம்மதம் கொடுப்பதற்குப் பயன்படுவது. அதைக் கேட்பவர் யாராக இருந்தாலும் ஃபோனை வைத்துவிடுங்கள். கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள்.